அரை மாதம் இங்கே, அரை மாதம் அங்கே

அவரை எல்லோரும் மாடிப்படி என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக்கு வீடு காட்டப் போனால், அறை எத்தனை, வெளிச்சம் எப்படி என்பதற்கெல்லாம் முன்னால், "மொத்தம் நாப்பத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. முட்டி வலி இருந்தா கீழயே சொல்லிடுங்க" என்பார். பதினேழு வருடம் கேஸ் சிலிண்டர் தூக்கியவர். எந்தக் கட்டடத்தில் எத்தனை படி, எந்தத் திருப்பத்தில் கைப்பிடி ஆடும் என்பது அவருக்குத் தோளால் தெரியும்.

நாற்பத்தொரு வயதில் முதுகெலும்புத் தட்டு விலகியது. இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம் வீட்டில் கிடந்தார். அப்போதும் பழைய வாடிக்கையாளர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். சிலிண்டருக்காக அல்ல. "உங்க பக்கம் ஏதாவது வீடு காலியா இருக்கா?" என்று கேட்பதற்கு. எந்த வீட்டில் இரண்டு மாதமாக சிலிண்டர் மாறவில்லையோ அந்த வீடு காலி என்பது அவர் கணக்கு. அப்படிச் சொல்லப் போய், யாரோ ஒருவர் குடிபோன சந்தோஷத்தில் கையில் ஒரு கவர் திணித்தார். வீட்டுப் புரோக்கர் ஆவது என்று அவர் முடிவு செய்ததே இல்லை. ஆகியிருந்தார், அவ்வளவுதான்.

நான் மார்க்கெட் தெருவின் முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, மூன்று ஸ்டூல். வாடகை ஒப்பந்தம் தட்டச்சு செய்து தருவேன். பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட இடமும் இருப்பதால், புரோக்கர்கள் வீட்டுக்காரரையும் குடிவருகிறவரையும் இங்கேயே கூட்டி வந்துவிடுவார்கள். அதனால் இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை மாடிப்படியும் அவர் மனைவியும் சொல்லக் கேட்டேன்.

ஆரம்பத்தில் அவர் கமிஷன் என்று வாய் திறந்து கேட்டதில்லை. "பார்த்துக் குடுங்க" என்பார். பார்த்துக் கொடுக்கச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? பார்ப்பார்கள். சிலர் கொடுப்பார்கள். ஒருவர் மூன்று வீடு பார்த்து, நான்காவதில் குடியேறி, ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாடிப்படி சுதாரித்துக்கொண்டார். குடிவருகிறவரிடம் ஒரு மாத வாடகை. வீட்டுக்காரரிடம் ஆளைப் பார்த்து: கறாரான ஆளாக இருந்தால் ஒன்றுமில்லை, தாராளமான ஆளாக இருந்தால் அரை மாதம், ஊரில் இல்லாத ஆளாக இருந்தால் ஒரு மாதம். ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது. குடிவருகிறவரிடம் வீட்டுக்காரர் தரவில்லை என்பார், வீட்டுக்காரரிடம் குடிவருகிறவரால் தர முடியவில்லை என்பார். அதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. மார்க்கெட் தெருவில் மற்றப் புரோக்கர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஹெல்மெட் என்று ஒருவர் உண்டு, வண்டியை விட்டு இறங்கினாலும் தலையிலிருந்து அதைக் கழற்ற மாட்டார். குடிவருகிறவரைக் கறப்பதில் அவர் இதைவிட மோசம்.

மாடிப்படி மாட்டிக்கொண்டது ஒரு நர்ஸ் விஷயத்தில்.

அந்த நர்ஸுக்கு நடக்க முடியாத அம்மா. தரைத்தள வீடுதான் வேண்டும், வாசலில் படியே இருக்கக் கூடாது என்றாள். இருபத்தாறு நாள் அலைந்து, கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரின் வீட்டை மாடிப்படி பிடித்துக் கொடுத்தார். வாசலில் ஒரே ஒரு படி, அதற்கும் சிமென்ட் சரிவு போட்டுத் தர வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தார். நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. வாடகை பதினெட்டாயிரம்.

கையெழுத்துக்கு மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். நான் இரண்டு பிரதி எடுத்து மேஜையில் வைத்தேன். நர்ஸ் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தாள், மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி. அதற்குள் கண்ணாடிக் கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மாடிப்படியின் பக்கம் நீட்டினார்.

"இந்தாப்பா, உன் அரை மாசம். ஒன்பதாயிரம் இருக்கு, எண்ணிக்கோ."

நர்ஸ் தலை நிமிர்ந்தாள். "சார், இது எதுக்கு?"

"கமிஷன்மா. உன்கிட்ட ரொம்ப வாங்க முடியலன்னு சொன்னாரு. அம்மாவுக்கு உடம்பு வேற சரியில்லையாமே. சரி, போகட்டும்னு நான் குடுக்கறேன்."

"நான் காலைல பதினெட்டாயிரம் குடுத்தேன் சார். வீட்டுக்காரர் பைசா தர மாட்டாரு, அதனாலதான் முழு மாசம்னு சொன்னாரு."

மாடிப்படியின் பக்கம் திரும்பிய நர்ஸ் கோபப்படவில்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அண்ணே, நீங்க யாரோட ஆளு?"

"ரெண்டு பேருக்கும் பொதும்மா."

"பொதுன்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

கண்ணாடிக் கடைக்காரர் கவரைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ ரெண்டு பக்கமும் வாங்கினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்ப்பா. உழைச்சிருக்க. ஆனா ரெண்டு பக்கமும் வேற வேற கதை சொல்லியிருக்க பாரு, அதான்." வீடு நல்ல வீடு என்பதால் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாவி கை மாறியது. மூன்று பேரும் மூன்று திசையில் போனார்கள்.

நர்ஸ் அவரைப் பற்றி எங்கும் தூற்றவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது "அந்தப் புரோக்கர் எப்படி?" என்று கேட்டால், நடந்ததை நடந்தபடி சொன்னாள். வீடு நன்றாகத் தேடுவார், கமிஷன் விஷயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். தூற்றியிருந்தால், அவர் பக்கத்திலும் ஒரு பேச்சு இருக்கும் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். அந்த மாதம் ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து வரவேண்டிய மூன்று பேர் வரவில்லை.

மாடிப்படியின் மனைவி என் கடைக்கு இரண்டு கடை தள்ளி, துணி ஆல்டரேஷன் செய்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். பேன்ட் கால் மடிக்க இவ்வளவு, ஜிப் மாற்ற இவ்வளவு, சைடு பிடிக்க இவ்வளவு என்று சுவரில் ஒரு பலகை. விஷயம் அவள் காதுக்கு எட்டியபோது அவர் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாளாம்.

"என் ரேட்டு செவுத்துல இருக்குங்க. உங்க ரேட்டு நாக்குல இருக்கு. ஆளுக்கு ஆள் எழுத்து மாறுது."

"பேன்ட்டும் வீடும் ஒன்னா? உனக்கு ஒரு ஆள்தான் காசு குடுக்கறான். எனக்கு ரெண்டு பேரு."

"அப்போ எனக்கு இருக்கற தெளிவு மாதிரி ரெண்டு மடங்கு வேணும் உங்களுக்கு," என்றாளாம் அவள். அதற்குள் கோட்டுக்காரர் வந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மாடிப்படி என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, கெட்டுப்போன பேப்பர் இருந்தா நாலு குடுங்க." ஒரு பக்கம் கறை படிந்த தாள்களை எடுத்துக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். கிட்டத்தட்ட இரண்டு வாரம் அந்த ஸ்டூலில் அவர் செய்தது அதுதான்.

முதலில், குடிவருகிறவரிடம் மட்டும் வாங்கினால் என்ன என்று பார்த்தார். பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். "ஆனா அவங்க அன்னிக்குதான் அட்வான்ஸ் குடுக்கறாங்க, முதல் மாச வாடகை குடுக்கறாங்க, சாமான் வண்டிக்குக் குடுக்கறாங்க. அதுக்கு மேல நான் ஒருத்தன். அதோட வீட்டுக்காரருக்கும் நான் வேலை செய்யறேனே. போட்டோ எடுக்கறேன், ஒரு வீட்டுக்குச் சராசரி ஒன்பது பேருக்குக் கதவு திறந்து காட்டறேன், வர்றவங்க வேலை என்ன, பழைய வீட்ட ஏன் விட்டாங்கன்னு விசாரிக்கறேன். வீடு ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா அவருக்கு ஒரு மாச வாடகை போச்சு. அத மிச்சப்படுத்தறது நான். அதுக்கு ஓசியா?"

"அப்போ வீட்டுக்காரர்கிட்ட மட்டும் வாங்குங்க," என்றேன்.

"வாங்கினா நான் அவரோட ஆளு. சமையல்கட்டுல தண்ணி ஒழுகுதுன்னு குடிவர்றவங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அது மட்டுமில்ல, ஹெல்மெட் வீட்டுக்காரங்ககிட்ட ஒன்னும் வாங்கறதில்ல. நான் முழு மாசம் கேட்டா சாவிய அவன்கிட்ட குடுத்துடுவாங்க."

சுற்றிச் சுற்றி அரை மாதம் இங்கே, அரை மாதம் அங்கே என்பதற்கே வந்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. யார் கேட்டாலும் ஒரே பதில். இதில் ஒரு லாபம், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். யாரிடம் எந்தக் கதை சொன்னோம் என்று வழியில் யோசித்துக்கொண்டே போகிற வேலை மிச்சம். நஷ்டம் வேறு இருந்தது. முன்பு கைகூடிய வீடுகளில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மாதம் வரும். இப்போது ஒரு மாதம்தான்.

நான் ஒரு சந்தேகம் கிளப்பினேன். "வாடகை ஏறினா உங்க கமிஷனும் ஏறுமே. நீங்க வாடகைய ஏத்தி விடறீங்கன்னு குடிவர்றவங்க நினைக்க மாட்டாங்களா?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து, உட்காராமலே சொன்னார்.

"வீட்டுக்காரர் என்கிட்ட முதல்ல சொல்ற வாடகைதான் கணக்குக்கு மேல் எல்லை. பேரம் பேசி வாடகை குறைஞ்சா கமிஷனும் குறையும். அப்புறமா வாடகைய ஏத்தினாரு, எதிர்ல ரெண்டு பேர் போட்டி போட்டாங்க, எதுவா இருந்தாலும் சரி, கமிஷன் ஏறாது. அப்போ ஏத்தி விட்டு எனக்கென்ன ஆகப் போகுது?"

"குறைஞ்சா உங்களுக்கு நஷ்டம்தானே. குறைக்க விட மாட்டீங்கன்னு சொல்வாங்க."

"ஆயிரம் குறைஞ்சா எனக்கு ரெண்டு பக்கமும் ஐநூறு ஐநூறா ஆயிரம் போகும். ஒரே தடவை. அவங்களுக்கு மாசா மாசம் ஆயிரம் மிச்சம். இத நானே வாயால சொல்லிடறேன். சொல்லிட்டா அது சந்தேகமா இருக்காது, சமாச்சாரமாயிடும்."

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

பிறகு ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். கணக்கு வாடகை மேல் மட்டும். அட்வான்ஸ் மேலும் பராமரிப்புத் தொகை மேலும் கிடையாது. ஒற்றை அறைக்கு நாலாயிரம் வாடகை என்றால் அரை மாதம் இரண்டாயிரம், அது பத்து நடைக்குப் பெட்ரோலுக்கே போதாது, அதனால் எவ்வளவு சின்ன இடமானாலும் ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டாயிரத்து ஐநூறுக்குக் குறையாது. வீடு காட்டுவதற்குக் காசு இல்லை, எத்தனை வீடு காட்டினாலும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சாவி கை மாறுகிற அன்றுதான் கமிஷன். வீட்டைப் பிடித்துவைக்க டோக்கன் கொடுத்த அன்று அல்ல. கையெழுத்துக்குப் பிறகு குடிவருவதற்குள் யாராவது மாறிப் பின்வாங்கினால், மாறியவர் கொடுத்த பாதி திரும்பாது, மற்றவர் கொடுத்த பாதி திரும்பிவிடும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அவருக்கு ஒன்றும் தரவேண்டாம். இன்னொரு புரோக்கர் ஆள் கூட்டி வந்தால் அவரவர் தன் பக்கத்தில் மட்டும் வாங்கிக்கொள்வது, யாருக்கும் கூடுதல் செலவு கிடையாது.

எல்லாவற்றையும் நான் தட்டச்சு செய்தேன். எனக்கு ஒப்பந்தம் அடித்து அடித்துப் பழக்கம், அதனால் 'மேற்படி', 'மேற்கூறியவாறு', 'அன்னார்' என்றெல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம் வந்தது. அவர் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "இத படிச்சா வீடே வேணாம்னு தெருவுல படுத்துக்குவாங்க," என்றாள். கத்தரிக்கோல் பிடிக்கிற கையால் பேனாவைப் பிடித்து அடித்துத் தள்ளினாள். ஏழு வாக்கியம் மிஞ்சியது. "நூத்துக்கு அம்பதுன்னு எல்லாம் எழுதாதீங்க. பதினெட்டாயிரம் வாடகைன்னா நீங்க ஒன்பதாயிரம், அவங்க ஒன்பதாயிரம்னு எழுதுங்க. அப்போதான் மண்டையில ஏறும்." அப்படியே எழுதினோம்.

எழுதுவதைவிடச் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பல வருடமாகக் கமிஷன் பேச்சை வாசல்வரை தள்ளிப்போட்ட நாக்கு. முதல் போனிலேயே, வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். முதல் நாலைந்து தடவை வழவழா கொழகொழாதான். ஒருமுறை என் எதிரிலேயே போனில், "கமிஷன்னா அது வந்து, அப்படி ஒன்னும் பெரிசா இல்ல, அதாவது" என்று இழுத்துக்கொண்டே போனார். எதிர்முனையில் இருந்தவர் பயந்து வைத்துவிட்டார். பெரிதாக இல்லை என்று ஒருவர் இவ்வளவு நேரம் சொன்னால் யாருக்கும் பயம்தான் வரும். பத்தாவது தடவையில் பழகிவிட்டது. "நான் புரோக்கருங்க. ரெண்டு பக்கமும் வாங்கறேன், சமமா. வாடகையில உங்ககிட்ட பாதி, வீட்டுக்காரர்கிட்ட பாதி. சாவி வாங்கற அன்னிக்குதான். பிடிச்சிருந்தா வீட்டப் பத்திப் பேசலாம்." அரை நிமிடம் ஆகும்.

முதல் வேலையாக நர்ஸ் வீட்டுக்குப் போனார். அவள் டியூட்டியில் இருந்தாள். அம்மாதான் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்தாள். ஒன்பதாயிரத்தையும் தாளின் ஒரு பிரதியையும் கொடுத்து, "இனிமே இதுதான் என் கணக்கும்மா. பழைய கணக்குக்கும் இதையே வச்சுக்கறேன்" என்றாராம். கண்ணாடிக் கடைக்காரரிடம் அவர் பங்கு ஒன்பதாயிரத்தைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தாள் என் கடைச் சுவரில் ஒன்று, அவர் மனைவி கடைச் சுவரில் ஒன்று ஒட்டப்பட்டது. வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சமயத்தில் அவர் கையில் பதினொரு வீட்டுச் சாவி இருந்தது. "வீடு என்னுது, நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று நாலு பேர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் தடுக்கவில்லை. குடிவருகிறவர்களுக்குச் சந்தோஷம், ஆனால் நம்பிக்கை இல்லை. "அவரும் பாதி குடுத்தாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பேங்க் ஊழியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தோடு ஒரு சீட்டும் சேர்ந்தது. வீட்டு விலாசம், வாடகை, இவர் தந்தது இவ்வளவு, அவர் தந்தது இவ்வளவு, இரண்டு கையெழுத்து, புரோக்கர் கையெழுத்து, மூன்று பிரதி. இரண்டு பேரும் ஒரே மேஜையில், ஒருவர் பார்க்க ஒருவர் கொடுப்பார்கள்.

அதில் இன்னொரு பலன் வந்தது, அவர் எதிர்பார்க்காதது. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் கமிஷனை "அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். எதிரில் குடிவருகிறவர் எடுத்து வைத்த பிறகு, தான் மட்டும் பையைத் தடவிக்கொண்டிருக்க யாருக்கும் கூச்சமாக இருந்தது.

நாலாவது மாதத்தில் ஒரு சோதனை வந்தது. தெற்கே புதிதாக எட்டு வீடு கட்டி முடித்த ஒருவர், மொத்தத்தையும் இவரிடமே தருகிறேன் என்று கூப்பிட்டு அனுப்பினார். இன்னும் பெயின்ட் வாசனை போகாத அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"உன் பேப்பர பார்த்தேன் தம்பி. நல்லா இருக்கு. ஜனங்க நம்பறாங்க. எட்டு வீடும் உனக்குத்தான், வருஷா வருஷம். குடிவர்றவங்க பாதிய நீ வாங்கிக்கோ. என் பாதிய நான் தந்ததா உன் சீட்டுல கையெழுத்துப் போட்டுடறேன். தர மட்டும் மாட்டேன்."

"தராம எப்படிங்க கையெழுத்து?"

"யாருக்கு நஷ்டம் சொல்லு. குடிவர்றவன் எப்படியும் பாதிதான் தரப் போறான். அவனுக்கு ஒரு பைசா கூடல. உனக்கு எட்டு வீட்டு வேலை நிச்சயம். எனக்குச் செலவு மிச்சம்."

மாடிப்படி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் என் கடையில் இதைச் சொல்லும்போது அவருக்கே குழப்பம்தான். கணக்குப்படி யாருக்கும் நஷ்டமில்லை என்பது உண்மை. எட்டு வீட்டுக்கு அரை அரை மாதம் என்றால் நாலு மாத வாடகை, இந்த நாலு மாதத்தில் விட்டதற்கு மேல் வந்துவிடும். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட நாலு பேர் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"அந்தச் சீட்டுல இருக்கறது ஒன்னே ஒன்னுதான் அக்கா. ரெண்டு தொகை. ஒன்னு பொய்யாப் போனா இன்னொன்னையும் யார் நம்புவா?" ஸ்டூலை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா அவர் கேக்கறதுல ஒரு நியாயம் இருக்கு. எட்டு வீடும் ஒரே இடம். ஒரே நடையில மூணு வீடு காட்டிடலாம். ஒப்பந்தமும் ஒரே மாதிரி. எனக்கு வேலை குறையுது. அப்போ அவருக்குக் குறைக்கலாம். குறைச்சத மறைக்கத்தான் கூடாது."

மறுநாள் போய்ச் சொன்னார். ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்கு மேல் கொடுக்கிற வீட்டுக்காரருக்கு அரை மாதத்துக்குப் பதில் கால் மாதம். குடிவருகிறவருக்கு அதே அரை மாதம். சீட்டில் கால் மாதம் என்றே எழுதுவது, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வது. எட்டு வீட்டுக்காரர் சிரித்தார்.

"அவன் பாதி, நான் காலுன்னு எழுதினா அவன் சும்மா இருப்பானா? எனக்கும் காலுன்னு கேப்பான்."

"கேப்பாருங்க. பதில் சொல்லுவேன். பிடிக்கலன்னா போயிடுவாரு."

"இப்படி எல்லாத்தையும் ஒடைச்சுப் பேசிட்டிருந்தா பொழப்பு ஓடாது தம்பி," என்றார் அவர். அந்த எட்டுச் சாவியும் ஹெல்மெட்டிடம் போயின. ஒன்றரை மாதத்தில் எட்டும் நிரம்பியும் விட்டன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேர்மைக்குக் கூலி உடனே வந்து கதவைத் தட்டியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மாதம் மாடிப்படி வீட்டில் வருமானம் என்று வந்தது அவர் மனைவியின் தையல் காசுதான். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பலகையில் ஜிப் மாற்றும் ரேட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள்.

கோடை முடிகிற சமயம் கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ பில்லை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மெஷின் ஓடுகிறவரை சுவரில் இருந்த தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இது நம்ம மாடிப்படி ஆளோடதா?"

"ஆமாங்க."

"அந்த நர்ஸ் பொண்ணுக்குப் பாதி திருப்பிக் குடுத்தானாமே. வாடகை வாங்கப் போனப்ப அவங்க அம்மா சொன்னாங்க. என்கிட்ட என் பாதிய ஏன் கேக்கல?"

"தெரியலீங்க. கேட்டா நீங்க குடுத்திருப்பீங்களா?"

"கூப்பிடுங்க அவர," என்றார். மாடிப்படி வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சீட்டில் ஒன்று அடிக்கச் சொன்னார், நர்ஸ் குடியிருக்கிற விலாசத்துக்கு. நர்ஸ் தந்தது ஒன்பதாயிரம், தான் தந்தது ஒன்பதாயிரம். தேதி பழைய தேதி போடட்டுமா என்று கேட்டேன். "இன்னிக்குத் தேதியே போடுங்க. இன்னிக்குத்தானே குடுக்கறேன்" என்றார். மூன்று பிரதியையும் நர்ஸிடம் கையெழுத்து வாங்க மாடிப்படியே கொண்டுபோனார். அவள் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, உள்ளே போய் ஒரு தாளில் இரண்டு போன் நம்பர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாளாம். அவள் வார்டில் வேலை பார்க்கிறவர்கள், வீடு தேடுகிறார்கள்.

அதன் பிறகு நிலைமை மெல்லச் சீரானது. ஊரில் இல்லாத வீட்டுக்காரர்கள் இவரைத் தேட ஆரம்பித்தார்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பது சீட்டில் இருப்பதால் போனிலேயே எல்லாம் முடிந்தது. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்ததில், முந்தின வருடம் முப்பத்தோரு வீடு, இந்த வருடம் முப்பத்தாறு. வீடு கூடியும் வருமானம் ஒரு பிடி குறைவுதான். அடுத்த வருடம் சமமாகலாம் என்றார். பெரிய ஆள் ஆகிவிடவில்லை. ஆகப்போவதும் இல்லை.

தெளிவாக எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பது ஒரு வாத்தியார் விஷயத்தில் தெரிந்தது. பன்னிரண்டாயிரம் வாடகைக்குக் கையெழுத்துப் போட்டு, ஆறாயிரம் கமிஷன் கொடுத்து, சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. தாளில் இருந்தபடி, வீட்டுக்காரர் கொடுத்த ஆறாயிரத்தை மாடிப்படி திருப்பிக் கொடுத்தார். வாத்தியாருடையதைக் கொடுக்கவில்லை.

"நானா மாறினேன்? மாத்திட்டாங்க சார். இதுல என் தப்பு என்ன இருக்கு?"

"தப்புன்னு சொல்லல சார். போன்ல சொன்னேன், வீட்டுல சொன்னேன், இந்த மேஜையிலயும் படிச்சுக் காட்டினேன்."

"சொன்னீங்க. இல்லன்னு சொல்லல. சொல்லிட்டா சரியாயிடுமா?"

வாத்தியார் எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதில் இருந்த நியாயம் மாடிப்படியைப் போட்டு அரித்தது. எழுதியதை ஆளுக்கு ஆள் தளர்த்தினால் மறுபடி பழைய நாக்குதான் வரும் என்பதும் தெரிந்தது. ஐந்தாம் நாளே அதே வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் அமைந்தது. இரண்டு பக்கமும் ஆறாயிரம் ஆறாயிரம் வந்தது.

அன்று மத்தியானம் வந்து எட்டாவது வாக்கியம் சேர்க்கச் சொன்னார். கையெழுத்துக்குப் பிறகு ஒருவர் விலகி, பதினைந்து நாளைக்குள் அதே வீட்டுக்கு வேறு ஒப்பந்தம் முடிந்தால், விலகியவருக்கு அவர் கொடுத்ததில் பாதி திரும்பக் கிடைக்கும். மீதிப் பாதி அலைந்த கூலி.

"முழுசாவே குடுத்துடலாமே," என்றேன்.

"முழுசாக் குடுத்தா கையெழுத்துக்கு மதிப்பு இல்லாமப் போயிடும் அக்கா. ஒன்னுமே குடுக்கலன்னா ஒரே வேலைக்கு ரெண்டு தடவை முழுக்கூலி வாங்கின மாதிரி ஆயிடும்." தாளை இன்னொரு தடவை பார்த்தார். "இது சரியான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியல. இன்னொருத்தர் வந்து கேள்வி கேட்டா மறுபடி யோசிப்போம்."

வாத்தியாரின் புது ஊர் விலாசம் அவரிடம் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸில் போய் விசாரித்து, மூவாயிரம் அனுப்பினார். கூடவே எட்டாவது வாக்கியத்தோடு புதுத் தாளில் ஒரு பிரதியும். போய்ச் சேர்ந்த தகவல் வந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு சுவரிலும் பழைய தாளைக் கிழித்துவிட்டு நாங்கள் புதியதை ஒட்டினோம்.